வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு குறிப்பு: ஒழுகும் குழாயைத் திருத்தித் தருமாறு கேட்டல்

வினா: நீர் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் சமையலறைக் குழாயில் தண்ணீர் ஒழுகுகின்றது. அதனைத் திருத்தித் தருமாறு வீட்டுச் சொந்தக்காரரைப் பணிவாகக் கேட்டு ஒரு குறிப்பு எழுதுக. (60 – 80 சொற்கள்)

இவ்வினாவைக் கண்டதும் மாணவர் பலர் இலகுவான வினா என்று எண்ணி ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்து விடுகின்றனர். அவ்வாறு எழுதப்படும் விடைகளை எடுத்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் இரண்டு வகைப்படும். ஒரு சாரார் மன்றாடுகின்றனர். மற்றொரு சாரார் அதட்டுகின்றனர். இரு சாராரும் புள்ளியை இழப்பது ஒரே காரணத்தினாலேயே. குறிப்பை வாசித்து முடித்த வீட்டுச் சொந்தக்காரருக்கு எந்தக் குழாய், என்ன பழுது, எப்போது ஆளை அனுப்புவது என்பவற்றில் ஒன்றும் விளங்குவதில்லை. வாசிப்பவரை மீண்டும் கேள்வி கேட்க வைக்காமல் எழுதுவதே இங்கு பணிவின் பெரும்பகுதி. மரியாதைச் சொற்கள் அதற்கு அடுத்தபடியாகவே வரும்.

முதலில் அதட்டும் விடை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

"ஐயா, உங்கள் வீட்டுப் பைப் உடைந்து தண்ணீர் ஓடுகிறது. பல தடவை சொல்லியும் நீர் கவனிக்கவில்லை. தண்ணீர் பில் கூடிவிட்டது. உடனடியாகத் திருத்தித் தரவும். இல்லாவிட்டால் வாடகையில் கழிப்போம்."

முதல் வாக்கியத்திலேயே இரண்டு தவறுகள் உள்ளன. குழாய் உடையவில்லை, அதில் நீர் ஒழுகுகிறது என்றுதான் வினா கூறுகிறது. உடைந்தது என்று வாசிக்கும் சொந்தக்காரர் யார் உடைத்தது என்று கேட்பார். "உங்கள் வீட்டுப் பைப்" என்னும்போது குற்றம் அவர் பக்கம் தள்ளப்படுகிறது. இரண்டாம் வாக்கியத்தில் வினாவில் இல்லாத ஒரு சண்டையை மாணவர் தாமே உண்டாக்குகிறார். பல தடவை சொன்னதாக வினாவில் எங்கும் இல்லை. இறுதி வாக்கியம் பயமுறுத்தல். இடையில் உள்ள "தரவும்" என்பது அறிவித்தல் பலகைக்கும் அலுவலகச் சுற்றறிக்கைக்கும் பொருந்தும் வடிவம். ஒருவர் கையில் கொடுக்கும் குறிப்பில் அது கட்டளையாகவே ஒலிக்கும்.

"நீர்" என்ற சொல்லில் கவனம்

மேலேயுள்ள விடையில் "நீர் கவனிக்கவில்லை" என்று வந்திருப்பதை அவதானிக்க. இது வினாத்தாளிலிருந்து தொற்றிய வழு. பரீட்சை வினா மாணவரை "நீர்" என்றும் "உமது" என்றும் விளித்து எழுதப்படுகிறது. மாணவர் அதே சொல்லை விடைக்குள் கொண்டுவந்து விடுகின்றனர். யாழ்ப்பாணப் பேச்சில் "நீர்" என்பது ஒத்த வயதினரையும் இளையோரையும் ஓரளவு மதிப்போடு விளிக்கும் சொல். வீட்டுச் சொந்தக்காரரை, அதுவும் வயதில் மூத்தவரை, "நீர்" என்று அழைத்தால் அவர் முகம் மாறிவிடும். இந்த வினாவில் "நீர்" என்பது தண்ணீரையும் குறிப்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. ஆகவே குழாயில் வருவதைத் "தண்ணீர்" என்றும், சொந்தக்காரரைத் "தாங்கள்" என்றும் எழுதி விட்டால் சிக்கல் தீர்ந்தது. "தாங்கள்" என்று தொடங்கினால் இறுதிவரை "தாங்கள், தங்கள்" என்றே வரவேண்டும். இடையில் "நீங்கள், உங்கள்" என்று மாறுவதை விடை திருத்துபவர் உடனே கண்டுகொள்வார். குறிப்பு முழுவதும் "நீங்கள்" என்றே எழுதினாலும் பிழையில்லை. கலந்து எழுதுவதே பிழை.

இனி மன்றாடும் விடை. அதனை முழுமையாகத் தரத் தேவையில்லை. "அன்பும் பண்பும் கருணையும் நிறைந்த பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களே, தாங்களும் தங்கள் குடும்பத்தினரும் நலமாக வாழ இறைவனைப் பிரார்த்திக்கிறேன்" என்று தொடங்கி, "தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும்" என்று தொடர்ந்து, குழாய் என்ற சொல் வருமுன்பே முப்பது சொற்கள் முடிந்துவிடும். இருப்பதோ எண்பது சொற்கள். சொந்தக்காரரிடம் பிச்சை கேட்கவில்லை என்பதையும் மாணவர் மறந்து விடுகிறார். குடியிருப்பவர் மாதந்தோறும் வாடகை கொடுக்கிறார். வீட்டைப் பாவிக்கக்கூடிய நிலையில் வைத்துத் தருமாறு கேட்பது நியாயமான கோரிக்கை.

இங்கு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வரும் ஒரு விதி நினைவுக்கு வருகிறது. ஈ, தா, கொடு என்ற மூன்றும் ஒன்றை இரந்து கேட்கும் சொற்கள். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கையில் "ஈ" என்பான். ஒத்தவன் ஒத்தவனிடம் "தா" என்பான். உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் "கொடு" என்பான். இன்று இவ்வேறுபாடு வழக்கில் அவ்வளவு இறுக்கமாக இல்லை. ஆயினும் "திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று நாம் எழுதும் தொடரில் இருப்பது "தா" என்ற வினையே. இரப்பதும் அல்ல, ஏவுவதும் அல்ல. வாடகைக்கு இருப்பவரும் வீட்டுக்காரரும் பேசிக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. அதே வாக்கியத்தைத் "திருத்திக் கொடுக்கவும்" என்று எழுதிப் பாருங்கள். தொனி எங்கே போகிறது என்பது விளங்கும்.

ஒழுகுதல், சொட்டுதல், கசிதல்

குறிப்பின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. "குழாய் பழுது" என்று மட்டும் எழுதினால் குழாய் திருத்துபவர் வெறுங்கையுடன் வந்து பார்த்துவிட்டு, சாமான் வாங்கிவர வேண்டும் என்று சொல்லிப் போய்விடுவார். அவர் எதைக் கொண்டுவர வேண்டும் என்பதை நமது வினைச்சொல்லே சொல்லிவிடும்.

குழாயை இறுக மூடிய பின்னரும் அதன் வாயிலிருந்து துளி துளியாக விழுந்தால் அது சொட்டுதல். திருகிமூடும் சாதாரணக் குழாயில் இதற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கும் வோசர் தேய்ந்து போனதுதான். வோசர் என்பது தண்ணீர் வரும் துவாரத்தை அழுத்தி மூடும் சிறிய இறப்பர் வட்டம். மூடியிருக்கும்போது ஒன்றும் இல்லாமல், திறந்தவுடன் கைபிடியின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் ஊறி வழிந்தால் பழுது வேறு. அங்கே கைபிடித் தண்டைச் சுற்றியுள்ள அடைப்புத் தளர்ந்திருக்கிறது. குழாய் சுவரோடு சேரும் இடத்தில் ஈரம் தெரிந்தால் அது கசிதல். மரையைச் சுற்றியிருக்கும் வெள்ளை நாடா விட்டுப் போயிருக்கலாம், அல்லது சுவருக்கு உள்ளே செல்லும் குழாயில் வெடிப்பு இருக்கலாம். மூன்றிலும் இதுவே மோசமானது. சுவரின் பூச்சு உப்பி உதிரத் தொடங்கினால் சொந்தக்காரருக்கு நட்டம் பெரிது. எனவே கசிவு என்றால் அதைக் குறிப்பின் முதல் வாக்கியத்திலேயே சொல்லவேண்டும்.

"ஒழுகுதல்" இவை எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். வினாவில் அது பொதுவாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. விடையில் அதனைக் குறிப்பாக்குவது மாணவரின் வேலை. எதைத் தெரிவு செய்தாலும் பிழையில்லை. ஆனால் ஒன்றைத் தெரிவு செய்தே ஆகவேண்டும்.

அடுத்து "தேய்ந்து" என்ற சொல்லைக் கவனிக்க. "வோசர் தேய்ந்துள்ளது" என்பது தன்வினை. அது தானாகவே நிகழ்ந்தது, எவர் மீதும் குற்றமில்லை. "குழாயைப் பழுதாக்கி விட்டார்கள்", "சரியில்லாத குழாயைப் போட்டிருக்கிறீர்கள்" என்று எழுதும்போது செய்த ஒருவர் வாக்கியத்துக்குள் வந்து விடுகிறார். தன்வினை பிறவினையை இலக்கணப் பகுதியில் மனனம் செய்து எழுதும் மாணவர், அதற்கு இத்தகைய பயன் இருக்கிறது என்பதைக் கண்டுகொள்வதில்லை. மேலும், குழாயைக் கழற்றிப் பார்க்காமல் வோசர்தான் பழுது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. கால் சுற்றில் மூடும் புதுவகைக் குழாய்களில் அவ்வாறான வோசரே இல்லை, உள்ளிருக்கும் பாகத்தை முழுதாக மாற்றுவார்கள். ஆகவே "தேய்ந்திருக்கலாம்" என்று எழுதுவது பணிவுக்கும் பொருந்தும், உண்மைக்கும் பொருந்தும்.

அளந்து சொல்லுதல்

"தண்ணீர் நிறையப் போகிறது", "பெருமளவு வீண்விரயம் ஏற்படுகிறது" என்ற தொடர்களுக்கு எந்த எடையும் இல்லை. ஒரு லீற்றர்ப் போத்தலைக் குழாயின் கீழ் வைத்து மணிக்கூட்டைப் பார்த்தால் போதும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

வெள்ளவத்தையில் ஒரு மாடி வீடு. வீட்டுக்கார அம்மா கீழ்த்தளத்தில் இருக்கிறார். மேல்மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. இரு வீட்டுக்கும் ஒரே நீர்மானி. மாதப் பட்டியலைப் பாதி பாதியாகக் கட்டுகிறார்கள். மேல்மாடிச் சமையலறைக் குழாயின் கீழ் வைத்த போத்தல் 20 நிமிடத்தில் நிரம்புகிறது என்று கொள்வோம். அப்படியானால் மணிக்கு 3 லீற்றர். நாளொன்றுக்கு 72 லீற்றர். 30 நாளில் 2160 லீற்றர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பட்டியலில் ஓர் அலகு என்பது 1000 லீற்றர். எனவே ஒருவரும் குடிக்காமல், குளிக்காமல் மாதம் இரண்டு அலகுக்கு மேல் கூடுகிறது. பாவனை கூடக் கூட அலகொன்றுக்கான கட்டணமும் படிப்படியாக உயரும் என்பதால் அந்த இரண்டு அலகும் உயர்ந்த படியிலேயே சேரும். இதில் பாதியைக் கட்டப் போகிறவர் அந்த அம்மா.

இந்தக் கணக்கு முழுவதையும் குறிப்பில் எழுதத் தேவையில்லை. எழுதினால் கணக்குக் காட்டிக் காசு கேட்பது போலாகிவிடும். "20 நிமிடத்தில் ஒரு லீற்றர்ப் போத்தல் நிரம்புகிறது" என்ற ஒரே வாக்கியம் போதும். மிச்சத்தை வாசிப்பவர் தாமே பெருக்கிப் பார்த்துக்கொள்வார். யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீரை மோட்டரால் தாங்கிக்கு ஏற்றும் வீடு என்றால் நீர்ப் பட்டியல் என்ற பேச்சுக்கு இடமில்லை. அங்கே "தாங்கி வழமையிலும் விரைவாக வெறுமையாகிறது, மோட்டரை நாளுக்கு இரு தடவை போடவேண்டியிருக்கிறது" என்று எழுதுவதே பொருத்தம். வீட்டுக்கு வீடு காரணம் மாறும்.

மாதிரி விடை

12.06.2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். மேல்மாடிச் சமையலறைக் குழாயை இறுக மூடிய பின்னரும் அதன் வாயிலிருந்து கடந்த ஞாயிற்றுக்கிழமை முதல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. 20 நிமிடத்தில் ஒரு லீற்றர்ப் போத்தல் நிரம்புகிறது. வோசர் தேய்ந்திருக்கலாம் என நினைக்கிறோம். இரவில் கழுவும் தொட்டியின் கீழுள்ள வால்வைப் பூட்டி வைக்கிறோம். தயவுசெய்து குழாய் திருத்துபவர் ஒருவரை அனுப்பித் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வார நாட்களில் மாலை 4 மணிக்குப் பின்னரும் சனிக்கிழமை முழுநாளும் வீட்டில் இருப்போம். எங்களையே ஆள் பிடித்துச் செய்விக்கச் சொன்னால், கூலியைத் தங்களுக்கு முன்கூட்டியே அறியத்தருவோம்.

நன்றி.

இங்ஙனம்,
(கையொப்பம்)
மேல்மாடிக் குடியிருப்பாளர்

ஏறத்தாழ அறுபத்தைந்து சொற்கள். இதில் சில இடங்களைச் சற்று நின்று பார்ப்போம்.

"இரவில் வால்வைப் பூட்டி வைக்கிறோம்" என்ற வாக்கியம் மேலதிகமானது போலத் தோன்றலாம். உண்மையில் முழுக் குறிப்பிலும் சொந்தக்காரரின் மனதை இளக்குவது இதுவே. தம் வீட்டைத் தமது வீடு போலப் பார்க்கிறார்கள் என்று அவர் எண்ணுவார். நாம் நம்மாலானதைச் செய்துவிட்டோம், இனி உள்ளது அவர் கையில் என்பதும் சொல்லாமலே தெரிந்துவிடும். சில வீடுகளில் அந்த வால்வு இராது. அவ்வாறெனில் "கீழே வாளி வைத்து அந்தத் தண்ணீரைப் பாத்திரம் கழுவப் பாவிக்கிறோம்" என்று எழுதலாம். செய்யாத ஒன்றை மட்டும் எழுத வேண்டாம்.

கடைசி வாக்கியம் காசு பற்றியது. குழாய் திருத்தும் கூலியை யார் கொடுப்பது என்பதில்தான் பல வீடுகளில் மனக்கசப்பு வருகிறது. சிறு திருத்தங்களை வாடகைக்கு இருப்பவரே செய்வது என்று சில வாடகை ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருக்கும், வேறு சிலவற்றில் அதைப் பற்றிப் பேச்சே இராது. ஆகவே "செலவை நீங்களே ஏற்க வேண்டும்" என்று முடிவு கட்டுவதும், "செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அவசரப்பட்டு ஏற்பதும் நல்லதல்ல. கூலியை முன்கூட்டியே தெரியப்படுத்துவோம் என்று சொன்னால் பேச்சுக்கு வழி திறந்திருக்கும்.

"கேட்டுக்கொள்கிறோம்" என்று பன்மையில் முடித்ததால் குறிப்பு முழுவதும் பன்மை. ஓரிடத்தில் "நினைக்கிறேன்" என்றும் மற்றோரிடத்தில் "இருப்போம்" என்றும் எழுதினால் எழுதியவர் தனியாளா குடும்பமா என்பது தெரியாது. "தயவுசெய்து" ஒரே ஒரு தடவை வந்திருப்பதையும் காண்க. மூன்று தடவை வந்தால் அது எரிச்சலாகத் தொனிக்கும்.

சொந்தக்காரரை "அன்ரி" என்றும் "மாமி" என்றும் நேரில் அழைக்கும் வீடுகள் உண்டு. வீட்டுக் கதவிடுக்கில் செருகும் துண்டில் அவ்வாறு எழுதுவது தவறல்ல. பரீட்சை விடையில் "அம்மா", "ஐயா" என்பவற்றையே பாவிக்கவும். "தங்கள் உண்மையுள்ள", "தங்கள் கீழ்ப்படிவுள்ள" என்ற முடிப்புகள் உத்தியோகக் கடிதத்துக்கு உரியவை. முகவரி, விடயத் தலைப்பு ஆகியனவும் அவ்வாறே. குறிப்பில் திகதி, விளிப்பு, செய்தி, ஒப்பம் ஆகியன இருந்தால் போதும். கையொப்பத்தின் கீழ் உமது உண்மையான பெயரையோ பாடசாலையையோ எழுதக்கூடாது என்பதை நினைவிற் கொள்க.

பதில் வராவிட்டால்

சில வினாக்கள் இரண்டாம் குறிப்பைக் கேட்கும். முதற் குறிப்புக் கொடுத்துப் பத்து நாளாகியும் ஒன்றும் நடக்கவில்லை. இங்கே மாணவர் மீண்டும் அதட்டும் பக்கம் சாய்கின்றனர். சொந்தக்காரர் குறிப்பைக் காணாதிருந்திருக்கலாம், ஊருக்குப் போயிருக்கலாம். எனவே குற்றம் சாட்டாமல் திகதியை நினைவூட்டி, இடையில் என்ன மாறியது என்பதைச் சொல்ல வேண்டும்.

"12ஆம் திகதி தந்த குறிப்பு தங்கள் கைக்குக் கிடைத்திருக்கும் என எண்ணுகிறோம். அதன் பின் குழாயின் சொட்டு அதிகரித்து, இப்போது 8 நிமிடத்தில் போத்தல் நிரம்புகிறது. கைபிடியை மிக இறுக்கினால் மட்டுமே சற்றுக் குறைகிறது."

மூன்றாவது வாக்கியம் வீண் முறைப்பாடு அல்ல. சொட்டுகிறதே என்று ஒவ்வொரு நாளும் பலமாக இறுக்கும்போது தேய்ந்த வோசர் நசிந்து கிழிந்துவிடும். பிறகு உலோகத்தோடு உலோகம் உரசி, வோசர் அமரும் விளிம்பும் வெட்டுப்படும். அந்த நிலைக்கு வந்த பின் புது வோசர் போட்டாலும் சொட்டு நிற்காது, குழாயையே மாற்ற வேண்டிவரலாம். குழாய் திருத்துபவருக்கு அந்த ஒரு வாக்கியமே நிலைமையை உணர்த்திவிடும். "இன்னும் தாமதித்தால் செலவு கூடும்" என்று நாம் பயமுறுத்த வேண்டிய தேவை இராது.

சொந்தக்காரர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, வீட்டை உறவினர் ஒருவர் பார்த்துக்கொள்ளும் நிலையும் நம்மிடையே சாதாரணம். அப்போது குறிப்பு யாருக்கு என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். பார்ப்பவருக்கு எழுதுவதாயின் "திருத்தித் தருமாறு" என்பதற்குப் பதிலாக "வீட்டுச் சொந்தக்காரருக்கு அறிவித்து, திருத்துவதற்கு ஒழுங்கு செய்து தருமாறு" என்று வரும். செலவு பற்றிய முடிவை அவர் எடுக்க முடியாது என்பதால் கூலி பற்றிய வாக்கியத்தையும் அதற்கேற்ப மாற்றி எழுதவேண்டும்.

பயிற்சி

1. குளியலறைச் சுவரோடு குழாய் சேரும் இடத்தில் கசிவு ஏற்பட்டு, சுவரின் பூச்சு உதிரத் தொடங்கியுள்ளது. வெளிநாட்டில் வசிக்கும் சொந்தக்காரரின் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினருக்கு 60 – 80 சொற்களில் ஒரு குறிப்பு எழுதுக.

2. பின்வரும் வாக்கியங்களைப் பணிவான குறிப்புக்கு ஏற்றவாறு மாற்றி எழுதுக.
(அ) உங்கள் குழாய் எந்நேரமும் ஒழுகுகிறது.
(ஆ) நாளைக்கே ஆளை அனுப்பவும்.
(இ) நீர் முன்பு போட்ட வோசர் சரியில்லை.